ஒரு டன்னுக்கு எத்தனை கம்பி? எண்ணிக்கை சொல்வதும் எடை சொல்வதும்

கேள்வி: 8 மி.மீ. முதல் 32 மி.மீ. வரை ஒவ்வொரு கம்பியும் ஒரு டன்னுக்கு எத்தனை வரும்? லோடு இறங்கும்போது எண்ணிப் பார்த்தே சரிபார்த்துவிட முடியுமா? எடையில் ஆர்டர் கொடுக்கும்போது எதை வைத்துக் கணக்குப் போடுவது?

பதில்:

முதலில் எண்களைக் கொடுத்துவிடுகிறேன். கம்பி 12 மீட்டர் நீளம், டன் என்றால் 1,000 கிலோ என்று வைத்துக்கொண்டால் கணக்கு இப்படி வரும்.

| விட்டம் (மி.மீ.) | ஒரு மீட்டர் எடை (கிலோ) | ஒரு கம்பி எடை (கிலோ) | ஒரு டன்னுக்கு எத்தனை |
|---|---|---|---|
| 8 | 0.395 | 4.74 | 211.2 |
| 10 | 0.617 | 7.40 | 135.2 |
| 12 | 0.888 | 10.65 | 93.9 |
| 16 | 1.578 | 18.94 | 52.8 |
| 20 | 2.466 | 29.59 | 33.8 |
| 25 | 3.853 | 46.24 | 21.6 |
| 32 | 6.313 | 75.76 | 13.2 |

இந்தப் பட்டியலை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. 13,500-ஐ விட்டத்தின் வர்க்கத்தால் வகுத்தால் டன்னுக்கு எத்தனை கம்பி என்பது வந்துவிடும். 16 மி.மீ. என்றால் 16 × 16 = 256; 13,500 ÷ 256 = 52.7. லாரிப் பக்கத்தில் நின்றுகொண்டு போட இந்தத் துல்லியம் தாராளமாகப் போதும். ஒரு மீட்டர் எடை வேண்டுமானால் விட்டத்தின் வர்க்கத்தை 162-ஆல் வகுக்க வேண்டும் என்பது கம்பி வேலையில் இருக்கும் எல்லோருக்கும் தெரிந்ததே. இரண்டும் ஒரே இடத்திலிருந்து வருபவைதான். ஒரு கன மீட்டர் எஃகு 7,850 கிலோ. வட்டத்தின் பரப்பை அதனால் பெருக்கினால் 162 வரும், அதைக் கொண்டு டன்னையும் 12 மீட்டரையும் சேர்த்துக் கணக்கிட்டால் 13,500 வரும். கம்பி 12 மீட்டர் இல்லாமல் 9 மீட்டராக வந்தால் 13,500-க்குப் பதில் 18,000, 6 மீட்டராக வந்தால் 27,000.

கிரேடு 500 ஆனாலும் 550 ஆனாலும் இந்த எண்கள் மாறாது. எந்தக் கம்பெனிக் கம்பி என்பதாலும் மாறாது. "எங்கள் கம்பி டன்னுக்கு நாலு எண்ணம் கூடுதலாக வரும்" என்று யாராவது சொன்னால், அந்தக் கம்பி ஒவ்வொன்றும் எடை குறைந்தது என்பதைத்தான் அவர் சொல்கிறார். அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

இரண்டாவது கேள்விக்கு நேரான பதில்: முடியாது. எண்ணிக்கை மட்டும் தெரிந்தால் உங்களுக்கு எத்தனை மீட்டர் வந்திருக்கிறது என்பது தெரியும். எடை மட்டும் தெரிந்தால் எத்தனை கிலோ எஃகு வந்திருக்கிறது என்பது தெரியும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போதுதான் ஒரு மீட்டருக்கு எவ்வளவு எஃகு இருக்கிறது என்று தெரியும். கட்டடத்துக்கு வேண்டியது அந்த மூன்றாவது எண்தான்.

மேலே உள்ள பட்டியல் ஏட்டுக் கணக்கு. உருட்டாலையில் அச்சு தேயத் தேயக் கம்பி கொஞ்சம் தடிக்கும், புது அச்சில் கொஞ்சம் மெலியும். அதனால் எல்லா நாட்டுத் தரவிதிகளும் கொஞ்சம் ஏற்ற இறக்கத்தை அனுமதிக்கின்றன. இந்தியத் தரமான ஐ.எஸ். 1786-ஐ எடுத்துக்கொண்டால், ஒரு தொகுதியின் சராசரி எடை 10 மி.மீ. வரை உள்ள கம்பிக்கு 7 சதவீதம், 10-க்கு மேல் 16 வரை 5 சதவீதம், 16-க்கு மேல் 3 சதவீதம் கூடவோ குறையவோ செய்யலாம். பிரிட்டிஷ் தரமான பி.எஸ். 4449-இல் 8 மி.மீ. வரை 6 சதவீதம், அதற்கு மேல் 4.5 சதவீதம். நான் கீழே ஐ.எஸ். எண்களை வைத்தே போடுகிறேன். உங்கள் ஒப்பந்தத்தில் வேறு தரம் எழுதியிருந்தால் அந்தச் சதவீதத்தைப் போட்டுக்கொள்ளுங்கள், முறை ஒன்றுதான்.

இதன்படி, விதிக்குள் நிற்கும் 8 மி.மீ. கம்பி ஒரு டன்னுக்கு 198-ம் வரலாம், 227-ம் வரலாம். 10 மி.மீ. 127 முதல் 145 வரை. 12 மி.மீ. 90 முதல் 98 வரை. 16 மி.மீ. 51 முதல் 55 வரை. 20 மி.மீ.-இல் இடைவெளி சுருங்கிவிடும்: 33, 34, அவ்வளவுதான். சரியாக 211 வரவில்லை என்று 8 மி.மீ. லோடைத் திருப்பி அனுப்பவும் முடியாது, 211 வந்துவிட்டது என்று நிம்மதியாக இருக்கவும் முடியாது. ஏன் என்பதை ஒரு லோடை வைத்துப் பார்ப்போம்.

ஒரு லாரியில் மூன்று விட்டங்கள் வருகின்றன. பில்லில் 8 மி.மீ. 1,000 கிலோ, 12 மி.மீ. 1,500 கிலோ, 16 மி.மீ. 1,000 கிலோ, மொத்தம் 3,500 கிலோ என்று இருக்கிறது. இறக்கும்போது எண்ணினால் 8 மி.மீ. 220, 12 மி.மீ. 145, 16 மி.மீ. 52. ஏட்டு எடையால் பெருக்கிப் பாருங்கள். 220 கம்பிக்கு 1,042 கிலோ, 145 கம்பிக்கு 1,545 கிலோ, 52 கம்பிக்கு 985 கிலோ. கூட்டினால் ஏறத்தாழ 3,571 கிலோ. பில்லில் 3,500-தான் போட்டிருக்கிறார்கள். எண்ணிக்கையை மட்டும் பார்ப்பவர், 71 கிலோ கூடுதலாகக் கிடைத்துவிட்டது என்று கையெழுத்துப் போட்டுவிடுவார்.

எடைமேடைச் சீட்டும் 3,500 என்று காட்டினால் பிரச்சினை இல்லை. 3,500-ஐ 3,571-ஆல் வகுத்தால் 0.98. கம்பி மொத்தத்தில் ஏட்டு எடையைவிட 2 சதவீதம் மெலிது, விதிக்குள் இருக்கிறது, நீங்கள் வாங்கிய எடைக்குத்தான் பணம் கொடுக்கிறீர்கள். ஆனால் அதே எண்ணிக்கையோடு எடைமேடை 3,420 காட்டியிருந்தால்? 80 கிலோ இல்லாத எஃகுக்குப் பில் போட்டிருக்கிறார்கள். எண்ணிப் பார்த்தவருக்கு இது தெரியவே தெரியாது. அவர் கணக்கில் லோடு அப்போதும் கூடுதலாகவே இருக்கும். கம்பி மெலிவாக இருந்து, பில்லில் எடையையும் கூட்டிப் போட்டால் எண்ணிக்கை அதை மூடி மறைத்துவிடும். இந்த ஒரு காரணத்துக்காகவே எண்ணிக்கையை மட்டும் நம்ப வேண்டாம் என்கிறேன்.

எடையை மட்டும் நம்பினால் வேறு ஓட்டை. மேலே சொன்ன லோடில் பில் எடையை எண்ணிக்கையால் வகுத்தால் 8 மி.மீ. கம்பி ஒன்று 4.55 கிலோ, ஏட்டைவிட 4 சதவீதம் குறைவு. 12 மி.மீ. 10.34 கிலோ, 3 சதவீதம் குறைவு. 16 மி.மீ. 19.23 கிலோ, 1.5 சதவீதம் கூடுதல். மூன்றும் விதிக்குள்தான். இருந்தாலும் 16 மி.மீ.-இல் 53 கம்பி வரும் என்று ஏட்டைப் பார்த்து ஒரு டன் ஆர்டர் கொடுத்தவருக்கு 52-தான் கிடைத்திருக்கிறது. எடை ஒரு கிலோகூடக் குறையவில்லை. வேலைக்குக் கம்பி ஒன்று குறைகிறது.

ஒரு லாரியில் பல விட்டங்கள் சேர்ந்து வரும்போது எடைமேடை மொத்தத்தை மட்டுமே சொல்லும் என்பதையும் மறந்துவிடாதீர்கள். எந்த விட்டம் மெலிவு, எது தடிப்பு என்று அது பிரித்துச் சொல்லாது. பில்லில் ஒவ்வொரு விட்டத்துக்கும் தனித்தனி எடை போட்டிருப்பது பெரும்பாலும் கடைக்காரர் மொத்தத்தைப் பங்கு பிரித்து எழுதியதுதான். பிரித்துத் தெரிய வேண்டுமானால் கம்பியிலிருந்தே எடுத்துப் பார்க்க வேண்டும்.

அதற்கு ஒரு மீட்டர் துண்டு போதும். ஒவ்வொரு விட்டத்திலும் வேறு வேறு கட்டிலிருந்து மூன்று கம்பிகளைப் பிடித்து, நுனியை விட்டுவிட்டு உள்ளிருந்து ஒரு மீட்டர் வெட்டுங்கள். நுனி சில சமயம் நசுங்கியோ சாய்வாக வெட்டுப்பட்டோ இருக்கும். வெட்டிய பிறகு டேப்பை வைத்து மறுபடி அளந்து, அளவு 998 மி.மீ. என்றால் 998 என்றே எழுதிக்கொண்டு, எடையை அந்த நீளத்தால் வகுக்க வேண்டும். ஐந்து மில்லிமீட்டர் தப்பினாலே அரை சதவீதம் போய்விடும். ஒரு கிராம் வரை காட்டும் தராசு வேண்டும். 50 கிராம் படியில் ஏறும் பெரிய தராசில் 8 மி.மீ. துண்டை வைப்பது வீண் வேலை. 8 மி.மீ. 395 கிராம், 12 மி.மீ. 888 கிராம், 16 மி.மீ. 1,578 கிராம், 20 மி.மீ. 2,466 கிராம் வர வேண்டும். ஐ.எஸ். 1786 தனி மாதிரிக்குத் தொகுதியைவிட ஒரு சதவீதம் கூடுதல் இறக்கத்தை அனுமதிக்கிறது. அதாவது 8 மி.மீ. துண்டு 363 கிராமுக்குக் கீழேயோ, 12 மி.மீ. துண்டு 835 கிராமுக்குக் கீழேயோ, 16 மி.மீ. துண்டு 1,483 கிராமுக்குக் கீழேயோ, 20 மி.மீ. துண்டு 2,367 கிராமுக்குக் கீழேயோ போனால் அந்தக் கம்பியை ஏற்கக் கூடாது. வெட்ட மனமில்லை என்றால் முழுக் கம்பிகள் பத்தை ஒன்றாகக் கட்டித் தராசில் போட்டுப் பார்க்கலாம். அப்போது ஒவ்வொன்றின் நீளத்தையும் அளந்தாக வேண்டும்.

வெர்னியர் காலிப்பர் இருக்கிறதே, அதை வைத்து விட்டத்தை அளந்துவிடலாமே என்று பலர் கேட்பார்கள். கம்பியின் மேல் வரிகள் இருக்கின்றன. வரியின் மேல் வைத்தால் விட்டம் கூடுதலாகக் காட்டும், வரிகளுக்கு நடுவில் வைத்தால் குறைவாகக் காட்டும். 12 மி.மீ. என்பது அந்த வரிகளையும் சேர்த்து உருக்கி வழவழப்பான உருளையாக்கினால் வரும் விட்டம். அதை எந்தக் காலிப்பராலும் நேரடியாகத் தொட முடியாது. அதோடு வித்தியாசம் மிகச் சிறியது. 10 மி.மீ. கம்பி 9.5 மி.மீ. ஆனால் கண்ணுக்கோ கைக்கோ தெரியாது. எடையில் பார்த்தால் கிட்டத்தட்ட 10 சதவீதம் குறைந்துவிட்டது, ஒரு மீட்டர் துண்டு 617 கிராமுக்குப் பதில் 557 கிராம்தான் இருக்கும். தராசு உடனே காட்டிக்கொடுத்துவிடும்.

இப்போது "டன்னுக்கு நாலு எண்ணம் கூடுதல்" என்ற பேச்சுக்கு வருகிறேன். எடைக்குப் பணம் கொடுப்பவருக்கு மெலிந்த கம்பி லாபமாகவே தோன்றும். அதே காசுக்கு அதிக மீட்டர் கிடைக்கிறது. ஆனால் வரைபடத்தில் பொறியாளர் "12 மி.மீ., 150 மி.மீ. இடைவெளி" என்று எழுதும்போது ஒவ்வொரு கம்பியிலும் 113 சதுர மி.மீ. எஃகு இருக்கிறது என்று வைத்துத்தான் எழுதுகிறார். கம்பியின் எடை 8 சதவீதம் குறைந்தால் பரப்பும் அதே 8 சதவீதம் குறையும். கூடுதலாக வந்த எண்ணம் கொட்டகையில் மிஞ்சிக் கிடக்கும். தளத்தில் கட்டிய இடத்தில் எஃகு குறைந்திருக்கும். விதிக்குள் இருக்கும் மெலிவைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம், வடிவமைப்பில் அதற்கு இடம் உண்டு. 12 மி.மீ. டன்னுக்கு 100 தாண்டினால் அதைச் சலுகை என்று எடுத்துக்கொள்ளாமல் துண்டு வெட்டி எடை போட்டுப் பாருங்கள் என்பதே என் உறுதியான கருத்து.

எண்ணிக்கை சொல்லும் கதை நீளம் சரியாக இருந்தால்தான் உண்மை. ஏட்டுக் கணக்கு முழுவதும் 12 மீட்டரின் மேல் நிற்கிறது. பேச்சு வழக்கில் 40 அடிக் கம்பி என்பார்கள். 40 அடி என்றால் 12.19 மீட்டர். பில்லில் 40 அடிக்கு ஏட்டு எடை போட்டு, வந்த கம்பி 12 மீட்டராக இருந்தால் ஒரு டன்னுக்கு ஏறத்தாழ 16 கிலோ வித்தியாசம். இது எடைமேடை எடைக்குப் பணம் கொடுத்தால் பாதிக்காது; எண்ணிக்கையை ஏட்டு எடையால் பெருக்கிப் பில் போடும் இடத்தில் பாதிக்கும். இந்த இரண்டில் எந்த முறையில் விற்கிறார்கள் என்பதை விலை பேசும்போதே கேட்டுவிடுங்கள். ஏட்டு எடையில் விற்றால் மெலிந்த கம்பியின் லாபம் முழுவதும் விற்பவருக்கே போகும்.

குட்டைக் கம்பியைக் கண்டுபிடிப்பது எளிது. கட்டின் ஒரு முனையைப் பலகையில் இடித்துச் சமன் செய்துவிட்டு மறுமுனைக்குப் போய்ப் பாருங்கள். உள்ளே தள்ளி நிற்பவை தெரிந்துவிடும். கம்பியைப் பாதியில் வளைத்து மடித்துக் கொண்டுவந்திருந்தால் இரண்டு கால்களும் ஒரே பக்கம் இருக்கும். ஒரு கால் குட்டையாக இருப்பது மடித்த இடம் தள்ளிப்போனதாலும் இருக்கலாம், கம்பியே குட்டையாகவும் இருக்கலாம். அதில் ஒன்றை வளைவு வழியாகக் கயிறு பிடித்து அளந்துவிடுவதுதான் வழி.

எண்ணும்போது கட்டுகளை எண்ணிப் பெருக்காதீர்கள். 8 மி.மீ. பத்து, 10 மி.மீ. ஏழு, 12 மி.மீ. ஐந்து, 16 மி.மீ. மூன்று, 20 மி.மீ. இரண்டு என்று கட்டுவது பல இடங்களில் வழக்கம். ஒரு கட்டு ஏறத்தாழ 47 முதல் 60 கிலோவுக்குள் நிற்கும், தோளில் தூக்க வசதி. ஆனால் ஆலைக்கு ஆலை இது மாறும். கட்டைப் பிரித்துத் தலைகளை எண்ணி, எண்ணிய தலையில் சுண்ணாம்புக் கட்டியால் கோடு போட்டுக்கொண்டே போவது நல்லது. 8-ம் 10-ம் கலந்து கிடந்தால் தூரத்திலிருந்து வித்தியாசம் தெரியாது. கம்பியின் மேல் உருட்டலிலேயே பொறித்த விட்டத்தைப் படித்துப் பாருங்கள்.

எடைமேடையிலும் இரண்டு விஷயம் கவனியுங்கள். வெறும் லாரி எடையை அதே மேடையில், அதே நாளில் எடுக்க வேண்டும். பழைய சீட்டில் இருக்கும் எண்ணைக் கழிக்க விடாதீர்கள். லோடோடு ஏறும்போது வண்டியில் நாலு ஆள் உட்கார்ந்து, வெறும் வண்டி ஏறும்போது இறங்கி நின்றால் அவர்கள் எடையும் கம்பி விலையில் உங்கள் தலையில்தான் விழும். இரண்டாவது, மேடை எத்தனை கிலோ படியில் காட்டுகிறது என்று பாருங்கள். 20 கிலோ படியில் காட்டும் மேடையில் 3 டன் லோடைப் போட்டால் வித்தியாசம் ஒரு சதவீதத்துக்கும் குறைவு. அதே மேடையில் 300 கிலோ 8 மி.மீ. மட்டும் போட்டால் அந்தப் படியே 7 சதவீதம். கம்பி விதிக்குள் இருக்கிறதா இல்லையா என்று அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. சின்ன ஆர்டருக்குத் தராசில் கட்டுக் கட்டாகப் போடுவதே சரி.

கடைசியாக ஆர்டர். பெரும்பாலோர் வரைபடத்திலிருந்து மொத்த மீட்டரைக் கூட்டி, மீட்டர் எடையால் பெருக்கி, கிலோவாகச் சொல்லிவிடுகிறார்கள். இதில் வெட்டுக் கழிவு கணக்கில் வராது. தூணுக்கு 16 மி.மீ., 4.2 மீட்டர் நீளத்தில் 100 துண்டு வேண்டும் என்று வையுங்கள். மொத்தம் 420 மீட்டர், 663 கிலோ, 35 கம்பி என்று கணக்கு வரும். ஆனால் 12 மீட்டரில் 4.2 மீட்டர் துண்டு இரண்டுதான் வெட்டலாம், 3.6 மீட்டர் மிஞ்சும். 100 துண்டுக்கு 50 கம்பி வேண்டும், அதாவது 947 கிலோ. மிஞ்சும் ஐம்பது 3.6 மீட்டர் துண்டுகள் மட்டும் 284 கிலோ. அவற்றை வேறு எங்கே போடலாம் என்று, மீதி இருக்கும் 16 மி.மீ. பட்டியலைப் பார்த்துவிட்டுத்தான் ஆர்டரை முடிவு செய்ய வேண்டும். எத்தனை கம்பி என்பது முதலில், எடை அதற்குப் பிறகு.

அந்த 947 கிலோவை எடையாகச் சொல்லி ஆர்டர் கொடுத்து, ஆலையில் கம்பி 3 சதவீதம் தடித்து வந்தால் ஒரு கம்பி 19.5 கிலோ, 48 கம்பிதான் வரும், நாலு துண்டு குறையும். மெலிந்து வந்தால் ஒன்றிரண்டு மிஞ்சும். அதனால் நான் ஆர்டரை இப்படி எழுதச் சொல்வேன்: "16 மி.மீ., 12 மீட்டர் நேர் கம்பி, 50 எண்ணம். ஏட்டு எடை 947 கிலோ. பணம் எடைமேடை எடைக்கு. தொகுதி எடை ஏட்டு எடையிலிருந்து 5 சதவீதத்துக்கு மேல் விலகினால் ஏற்க முடியாது." எண்ணிக்கை உங்கள் தேவையைக் காக்கும், எடை உங்கள் பணத்தைக் காக்கும், அந்தச் சதவீதம் கம்பியின் தடிப்பைக் காக்கும். கடைக்காரர் எண்ணிக்கையில் தர மாட்டேன் என்றால், முன்பு இதே ஆலையிலிருந்து வந்த லோடில் கிடைத்த உண்மை மீட்டர் எடையைக் குறித்து வைத்திருந்தால் அதை வைத்து எடையைச் சொல்லுங்கள். குறிப்பு இல்லையென்றால் 10 மி.மீ. வரை 7 சதவீதம், அதற்கு மேல் 16 வரை 5 சதவீதம், 16-க்கு மேல் 3 சதவீதம் எடையைக் கூட்டிச் சொல்லி, 50 எண்ணம் இறங்கியதும் மீதியை லாரியிலேயே திருப்பி அனுப்புவதாக முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.